பாப்பாவின் சராசரி

மருத்துவமனையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்தப் பட்டம் மட்டும் அவளை விடவில்லை. இங்கே அவளுக்குப் பயிற்சிப் பிரிவு. வரவேற்பு மேசை, பில் கவுண்டர், டெலிபோன் அறை, வார்டு என்று நோயாளியின் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசுகிற ஊழியர்களுக்குப் பேசப் பழக்குவதுதான் வேலை. பேசப் பழக்குவது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டாலும், முக்கால்வாசி அது கேட்கப் பழக்குவது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

பில் கவுண்டரில் இருந்த பாப்பா அவளுடைய நாத்தனார். நாற்பதைத் தாண்டிய மனுஷி. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் அண்ணன் வைத்த பேர் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அதற்கப்புறம் எங்கும் போகவில்லை. மருத்துவமனையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி விண்ணப்பம் போட வைத்தது டீச்சர்தான். கணக்கில் பாப்பா புலி. பேச்சில்தான் தகராறு. எதிரில் நிற்பவர் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள் இவள் பதிலைச் சொல்லி முடித்திருப்பாள். பதில் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் பில் கட்ட வருகிறவனுக்கு வேண்டியது சரியான பதில் மட்டுமா? அவன் பதறிப்போய் வந்திருப்பான், இவள் முகத்தில் அடித்தாற்போல், "அதுக்கு ரெண்டாவது மாடி" என்பாள். கவுண்டரில் அவளுக்குக் கறார் என்று பேர்.

அந்த வருடம் நிர்வாகம் ஒரு கேள்வி கேட்டது. பயிற்சி, பயிற்சி என்று ஆட்களை வேலை நேரத்தில் இழுத்துக்கொண்டு போகிறீர்களே, இதனால் என்ன முன்னேற்றம், காட்டுங்கள் பார்ப்போம். கேள்வியில் கிண்டல் இருந்தது. இருந்தாலும் டீச்சருக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளும் அவளே தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. வகுப்பு முடிந்ததும், "ரொம்ப நல்லா இருந்தது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மறுநாள் கவுண்டரில் பழையபடி எரிந்து விழுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

அதனால் அடுத்து வந்த ஆறு வாரப் பயிற்சியை அவள் பார்த்துப் பார்த்துச் செய்தாள். முதலில் ஒரு ரூப்ரிக் எழுதினாள். மற்றவர்கள் அதைக் கட்டத்தாள் என்றார்கள். கேட்பது, தெளிவாகச் சொல்வது, புரிந்ததா என்று சரிபார்ப்பது, கோபமாகவோ அழுதுகொண்டோ இருப்பவரைக் கையாள்வது என்று நான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் நான்கு படி. 'சுமார்', 'நன்று' என்கிற வார்த்தைகளை அவள் கிட்டேயே சேர்க்கவில்லை. காதால் கேட்டுச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதினாள். கேட்பதில் முதல் படி, எதிராளி முடிக்குமுன் குறுக்கே பேசுவது. இரண்டாவது, முடிக்க விடுவது, ஆனால் அவர் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்வது. மூன்றாவது, அவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. நான்காவது, திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டு, அவர் சொல்லாமல் விழுங்கியதையும் கண்டுகொள்வது.

பிறகு பதிவு. முதல் வாரமும் கடைசி வாரமும் ஒவ்வொருவரும் பயிற்சி அறையில் உட்கார்ந்து, உறவினராக நடிக்க வந்த ஒரு நாடகக்காரரோடு பேச வேண்டும். பேச்சு மட்டும் பதிவாகும். இரண்டு கதைகள் எழுதி வைத்திருந்தாள். ஒன்று எளிதாக அமைந்துவிட்டால் அதையே முன்னேற்றம் என்று நினைத்துவிடுவோம் என்று, பாதிப் பேருக்கு முதல் கதையை முதலிலும், மீதிப் பேருக்கு அதைக் கடைசியிலும் கொடுத்தாள். பதிவுகளுக்கு வெறும் எண்கள் போட்டுக் கலைத்து, தலைமை நர்சிடமும் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடமும் தந்தாள். எது முதல் வாரம், எது கடைசி வாரம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்கு முன்னால், வேறு யாரோ பேசிய பழைய பதிவுகளைப் போட்டு இரண்டு பேரும் தனித்தனியே படி போட்டு, ஏன் நீ இரண்டு போட்டாய், நான் ஏன் மூன்று போட்டேன் என்று வாதாடித் தீர்த்துக்கொண்டார்கள். பாப்பா தன் வீட்டு மனுஷி என்பதைச் சொல்லி, மதிப்பெண் போடுகிற வேலையிலிருந்தே டீச்சர் விலகிக்கொண்டாள்.

மூன்றாவது, சக ஊழியர் மதிப்பீடு. வாரா வாரம் வகுப்பில் பேசிப் பழகியபின், ஒருவரையொருவர் அதே கட்டத்தாளை வைத்து மதிப்பிட்டு, ஒரு வரி காரணமும் எழுத வேண்டும். மருத்துவமனைக் கணினியில் தங்கள் ஊழியர் எண்ணைப் போட்டு நுழைந்து பதிய வேண்டும். யார் போட்டது என்று டீச்சருக்கு மட்டும் தெரியும்.

முதல் நாளே பாப்பா எழுந்து கேட்டாள். "இதெல்லாம் யார் பார்ப்பாங்க?"

"நானும், யாரைப் பத்தியோ அவங்களும். வேற யாரும் பார்க்க மாட்டாங்க. இது திருத்திக்கறதுக்கு. மார்க்குக்கு இல்ல. அதனால பயப்படாம உள்ளதைப் போடுங்க."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். மார்க்குக்கு என்று தெரிந்தால் யாரும் உள்ளதைப் போட மாட்டார்கள், வேண்டியவனுக்கு நாலு, வேண்டாதவனுக்கு ஒன்று என்று ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணினியின் சாவி தன் கையில் இல்லை என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

வகுப்பில் பாப்பாவுக்குக் குயில்தான் தோழி. டெலிபோன் அறையில் இருப்பவள். குரல் தேனாக இருக்கும், அதனால் அந்தப் பேர். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஒரே பஸ்ஸில் போவார்கள். பாப்பா அவளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தாள். "எனக்கு நீ பாவம் பார்க்காதே. என்ன தப்போ அதைப் போடு." குயில் போட்டாள். முதல் வாரம் பாப்பாவுக்கு நான்கு வரிசையிலும் ஒன்று. காரணம்: 'நான் சொல்ல வந்ததை அவங்களே சொல்லி முடிச்சுட்டாங்க. அதுவும் நான் சொல்ல வந்தது இல்ல.'

பெயரில்லாமல் வந்த அந்த வரியைப் படித்துவிட்டு பாப்பா வீட்டில் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அண்ணன் எதையோ சொல்ல ஆரம்பித்தான். இவள் வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டாள். அவன் சொல்லி முடிக்கும்வரை தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அப்ப, மாடித் தண்ணித் தொட்டியைத்தான் சொல்றியா?" என்று கேட்டாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். டீச்சர் அடுப்படியில் போய் நின்று சிரித்தாள்.

வாரம் ஆக ஆகக் குயில் போட்ட எண்ணும் ஏறியது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் கேட்பதில் நான்கு. மற்றவர்கள் இரண்டில் தொடங்கினாலும் அவர்கள் போட்டதும் அப்படித்தான் ஏறிக்கொண்டே போனது. குயிலுக்கோ எல்லோரும் முதல் வாரத்திலிருந்தே மூன்றும் நான்கும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு யாருக்கு மனசு வரும் ஒன்று போட?

பயிற்சி முடிந்து, எண் போட்ட பதிவுகளின் மதிப்பெண்கள் வந்தன. நர்சுக்கும் சமூகப் பணியாளருக்கும் இடையே சில இடங்களில் ஒரு படி வித்தியாசம் இருந்தது. ஒரே ஒரு பதிவில்தான் அதற்குமேல். அதை இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி கேட்டார்கள். பெரும்பாலோருக்கு அரைப் படிதான் உயர்ந்திருந்தது. சிலருக்கு அதுவும் இல்லை. குயில் முதல் வாரமும் இரண்டு, கடைசி வாரமும் இரண்டு. இனிமையாகவே, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்கு ஒன்றிலிருந்து மூன்று. வகுப்பிலேயே அதிகம் ஏறியது அவள்தான். டீச்சர் அதை அறிக்கையில் எழுதினாள், பெயர் போடாமல். அரைப் படியை அரைப் படி என்றே எழுதினாள்.

அந்த அறிக்கையை மேலாளர் முழுதாகப் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது. ஏனென்றால் அதற்குள் வரவேற்புக் கூடத்தில் டோக்கன் இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. ஆட்களில் இருவரைக் குறைக்க வேண்டும். யாரை? கையோடு எண்கள் வேண்டும், கேட்பவர்களிடம் காட்ட. கணினியைத் திறந்தார். சக ஊழியர் மதிப்பீடு வரிசை வரிசையாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஆறு வார எண்களையும் கூட்டி வகுத்தார். கீழே வந்த இரண்டு பேரில் ஒருத்தி பாப்பா.

டீச்சருக்குச் செய்தி மாடிப்படியில் வந்தது. யாரோ போகிறபோக்கில், "உங்க நாத்தனாருக்கு லெட்டர் குடுத்துட்டாங்களாமே" என்றார்கள். நேரே மேலாளர் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

அவள் முதலில் வாக்குக் கொடுத்த கதையைச் சொன்னாள். அது தனக்குத் தெரியாதே என்றார் அவர், கணினியில் இருப்பது மருத்துவமனைச் சொத்துதானே என்றார். பிறகு அவள் கணக்கைப் பேசினாள். ஒரு தாளில் எழுதியே காட்டினாள். ஒருத்தி ஒன்றில் தொடங்கி நாலுக்கு வருகிறாள். இன்னொருத்தி மூன்றிலேயே நிற்கிறாள். கூட்டி வகுத்தால் நின்றவள்தான் மேலே வருவாள். இத்தனை நாளும் ஏறியதற்கு அவளுக்குத் தண்டனை. முன்னேற்றம் பார்க்க வேண்டுமானால் முதலையும் கடைசியையும் ஒப்பிட வேண்டும். இன்று எப்படி என்று பார்க்க வேண்டுமானால் கடைசியை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டுக்குமே சராசரி உதவாது. அதிலும் சக ஊழியர் போடுவதில் பிடித்தம், பிடிக்காதது எல்லாம் கலந்திருக்கும். குரலை வைத்து யாரென்று தெரிந்தாலும் எந்த வாரமென்று தெரியாமல் இரண்டு பேர் கேட்டுப் போட்ட மதிப்பெண் இருக்கிறதே, அதையாவது பாருங்கள்.

மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு கேட்டார், "பதிவுக்கு மார்க் போட்டது ரெண்டு பேர். அவங்களுக்குள்ளயே ஒத்துப்போகலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இது பதினஞ்சு பேர் போட்டது. நான் எதை நம்பறது?"

"ரெண்டு பேருக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு மறைக்காம எழுதியிருக்கேன் சார். அந்தப் பதினஞ்சு பேர் நடுவுல எவ்வளவுன்னு நீங்க பார்க்கவே இல்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "டீச்சர், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இடத்துல வேற யாராவது இருந்தா இவ்வளவு தூரம் வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் பட்டியலில் இருந்த இன்னொருவரைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வார்டு உதவியாளர், அதிகம் பேசாத பெரியவர். அவருடைய எண்களை அவள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

பாப்பாவின் கடைசி நாளில் டீச்சர் அவளைப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டு, அவளுடைய இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினாள். முதல் பதிவில் நாடகக்காரர் தன் அப்பாவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுப்பதற்குள் பாப்பா அறை எண், நேரம், படிவம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறாள். கடைசிப் பதிவில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த ஆள் அழுகிறார். பாப்பா காத்திருக்கிறாள். அப்புறம் மெதுவாக, "உங்களுக்கு இப்ப பில்லைப் பத்திக் கவலை இல்ல. அவங்களைப் பார்க்க விடுவாங்களான்னுதானே கேக்கறீங்க?" என்கிறாள்.

பதிவு முடிந்தது. பாப்பா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், "நல்லா கேட்டிருக்கேன் இல்ல அண்ணி?"

"ரொம்ப நல்லா."

"யார் எனக்கு ஒண்ணு போட்டது?"

டீச்சர் பதிவுக் கருவியை அணைக்கத் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியும். எண் போட்டுத்தானே உள்ள போனோம். சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்."

"சொல்ல முடியாது பாப்பா. அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எனக்கும் குடுத்தீங்க." பாப்பாவின் குரல் உயரவில்லை. "எனக்குக் குடுத்தது போச்சு. அவங்களுக்குக் குடுத்ததை மட்டும் பத்திரமா வச்சிருக்கீங்க."

அந்த ஒன்றினால்தான் நீ மூன்றுக்கு வந்தாய் என்று டீச்சர் சொல்லப் பார்த்தாள். வேலை போனவளிடம் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு இருக்கையில் வீடு திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அண்ணன் இரண்டு பக்கமும் தூது போய்ச் சலித்துப்போனான். "யாருன்னு சொல்லிட்டுப் போயேன், என்ன குடிமுழுகிடும்?" என்று மனைவியிடம் கேட்டான். யாரென்று சொல்லியிருந்தால் அவனே பதறியிருப்பான். குயில்தான் வாரத்துக்கு இரண்டு முறை வந்து பாப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தாள். பாப்பா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். டீச்சர் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உள்ளே வந்துவிடுவாள்.

ஒருநாள் மருத்துவமனையில் குயில் பயிற்சி அறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். அவளுடைய குரல் அன்று குரலாகவே இல்லை. "டீச்சர், நான்தான்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நான் உள்ளதைத்தான் போட்டேன். அவங்கதான் போடச் சொன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. எனக்கு மத்தவங்க போட்ட மாதிரி மூணு மூணா போட்டிருந்தா அவங்க வேலை இருந்திருக்கும் இல்ல?"

ஆமாம் என்பதுதான் கணக்கின்படி பதில். பாப்பாவுக்கும் அவளுக்கு அடுத்து மேலே நின்று தப்பித்தவருக்கும் நடுவே இருந்தது ஒரு மயிரிழை. டீச்சர் அதைக் கூட்டிப் பார்த்திருந்தாள். "நீங்க போட்டது தப்பில்ல" என்று மட்டும் சொன்னாள்.

"நான் சொல்லிடட்டுமா?"

"அது நீங்க முடிவு பண்ண வேண்டியது."

குயில் சொல்லவில்லை. சொல்லப் பயம், சொல்லாமலிருக்க வேதனை. அந்த வேதனை தீர ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் தனியாகத்தான் இருந்தாள், வீட்டில் ஒரு அறை சும்மாக் கிடந்தது. பாப்பாவைத் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டாள்.

பாப்பா அதே இரண்டு பெட்டிகளைக் கட்டினாள். அண்ணன் வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதான். டீச்சர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வந்தாள். குயில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள், தலையைத் திருப்பவில்லை.

"உங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான் அண்ணி" என்றாள் பாப்பா, பெட்டியை வாங்கிக்கொண்டு. "யாரோ ஒருத்தி, முகம்கூடக் காட்டாதவ, அவளும் நானும் உங்களுக்கு ஒண்ணு. இவளைப் பாருங்க. எனக்கு ரத்த சம்பந்தமா? இவளுக்கு இருக்கற மனசு உங்களுக்கு இல்லாம போச்சே."

டீச்சர் அவள் முடிக்கும்வரை நின்றாள். ஆட்டோவின் அந்தப் பக்கத்தில் குயிலின் கை முன்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அடுத்த பயிற்சியில் சக ஊழியர் மதிப்பீட்டுக்கு எண்களே வேண்டாம், நேரில் வாயால் சொன்னால் போதும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் சம்மதிக்கவில்லை. போன முறை அது மிகவும் உபயோகமாக இருந்தது என்றார். யார் பார்ப்பார்கள் என்பதை ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். சொன்னாள். அந்த ஆறு வாரமும் கணினியில் கிட்டத்தட்ட எல்லோரும் எல்லோருக்கும் நான்கு போட்டார்கள். காரணம் எழுதும் இடத்தில் 'நன்று', 'மிக நன்று' என்று எழுதினார்கள். பதிவுகளில் முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை. மேலாளர் பதிவுகளை நிறுத்திவிட்டார். வெளியாட்களுக்குக் கொடுக்கும் அறிக்கையில் சராசரி மூன்று புள்ளி ஒன்பது என்று போட்டு, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் இரண்டு நாள் இழுத்தடித்தாள். அப்புறம் போட்டாள்.

பாப்பா இப்போது ஒரு பார்சல் அலுவலகத்தில் புகார் மேசையில் இருக்கிறாள். கத்திக்கொண்டு வருகிறவர்கள் அவளிடம் பேசிவிட்டு அடங்கிப் போகிறார்களாம். அண்ணன் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான். குயிலும் அவளும் அக்கா தங்கை மாதிரி இருக்கிறார்கள், ராத்திரிச் சாப்பாடுகூட ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி சாப்பிடுவதில்லை என்பான். டீச்சர் எதுவும் கேட்க மாட்டாள். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து, மடித்து, அலமாரியில் அடுக்கத் தொடங்குவாள்.